‘திங்கள் முதல்’ என்றால் எந்த நாள்?

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் தமிழ்நாட்டுப் பள்ளிகளின் கால அட்டவணை நிலையாக இருப்பதில்லை. கனமழை எச்சரிக்கை வந்ததும் மாவட்ட ஆட்சியர் விடுமுறை அறிவிப்பார். விடுபட்ட நாளை ஈடுகட்டப் பின்னால் ஒரு சனிக்கிழமை பள்ளி நடக்கும். சனிக்கிழமைக்கென்று தனியாகப் பாடவேளை கிடையாது என்பதால், வார நாள் ஒன்றின் அட்டவணையை அன்றைக்கு எடுத்துக்கொள்வார்கள். டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு வேறு வருகிறது. பாடத்தை முடிக்கக் காலையில் அரை மணி முன்னதாகத் தொடங்குவது, மாலையில் சிறப்பு வகுப்பு வைப்பது என்று ஒவ்வொன்றாகச் சேரும். இத்தனையையும் பெற்றோருக்குச் சொல்லும் வேலை வகுப்பு ஆசிரியருடையது. கடைசிப் பாடவேளை முடிந்து, விடைத்தாள் கட்டு ஒருபக்கம் கிடக்க, பத்து நிமிடத்தில் அவர் ஒரு மின்னஞ்சல் எழுதி அனுப்புகிறார்.

அப்படிப்பட்ட மின்னஞ்சல் ஒன்றை மெய்ப்புப் பார்ப்பது எப்படி? மாதிரிக்காக ஒன்றை எடுத்துக்கொள்வோம். எட்டு, ஒன்பதாம் வகுப்புகளுக்குப் பொறுப்பான ஆசிரியர் ஒருவர், 2025 நவம்பர் 12, புதன்கிழமை மாலை எழுதியதாக வைத்துக்கொள்ளலாம். பள்ளிகளிலிருந்து வரும் அறிவிப்புகளில் வழக்கமாகக் காணப்படும் பிழைகளை வைத்தே இது அமைக்கப்பட்டிருக்கிறது.

பொருள்: முக்கிய அறிவிப்பு

அன்புள்ள பெற்றோர்களுக்கு, வணக்கம். மழை விடுமுறை காரணமாக வகுப்பு நேரங்களில் சில மாற்றங்கள் செய்யப்பட்டுள்ளது. வரும் சனிக்கிழமை செவ்வாய்க்கிழமை கால அட்டவணை பின்பற்றப்படும். திங்கள் முதல் பாடவேளை 8.45க்கு தொடங்கும். 8 மற்றும் 9ஆம் வகுப்பு ஆ பிரிவு மாணவர்களுக்கு மாலை 4.10 முதல் 5 வரை சிறப்பு வகுப்பு நடைபெறும் என்பதால் வேனில் வரும் மாணவர்களின் பெற்றோர்கள் முன்கூட்டியே தகவல் தெரிவித்து மாற்று ஏற்பாடு செய்யுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். தவறும் பட்சத்தில் பல்லி பொறுப்பல்ல.

இதைப் பார்த்ததும் கை துடிப்பது ‘பல்லி’யைத் திருத்தத்தான். அடுத்து ‘மாற்றங்கள் செய்யப்பட்டுள்ளது’ கண்ணை உறுத்தும். இரண்டும் திருத்த வேண்டியவையே. ஆனால் அனுபவமுள்ளவர்கள் அங்கே தொடங்குவதில்லை. ‘பல்லி’ என்றிருந்தாலும் படிக்கிற அம்மாவோ அப்பாவோ பள்ளி என்று புரிந்துகொள்வார்கள். அதனால் எந்தப் பிள்ளையும் வழிமாறிப் போகாது. ஒரு பிழையும் இல்லாததுபோல் தெரிகிற ‘திங்கள் முதல் பாடவேளை 8.45க்கு தொடங்கும்’ என்ற வாக்கியம்தான் வாசலில் பிள்ளைகளைத் தடுமாற வைக்கும்.

அந்த வாக்கியத்தை இருமுறை படித்துப் பாருங்கள். ‘திங்கள்’ என்றதும் சற்று நிறுத்தி, ‘முதல் பாடவேளை’ என்று சேர்த்துப் படித்தால், திங்கட்கிழமையின் முதலாவது பாடவேளை மட்டும் 8.45க்குத் தொடங்குகிறது; செவ்வாயன்று வழக்கம்போல் 9.15க்குப் போனால் போதும். ‘திங்கள் முதல்’ என்று சேர்த்து, பிறகு நிறுத்தினால், திங்களிலிருந்து ஒவ்வொரு நாளும் 8.45க்கே பள்ளி. ‘முதல்’ என்ற சொல் தனக்கு முன்னுள்ள சொல்லோடு சேர்ந்தால் ‘இருந்து’ என்ற பொருள் தரும். பின்னுள்ள சொல்லோடு சேர்ந்தால் ‘முதலாவது’ ஆகிவிடும். பேசும்போது குரல் நிற்கிற இடம் பொருளைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. எழுத்தில் அந்த நிறுத்தம் இல்லை. ஒரு காற்புள்ளி போட்டால் தீர்ந்துவிடுமே என்று தோன்றலாம். ஆனால் கைப்பேசியில் ஓடிக்கொண்டே படிக்கும் கண் காற்புள்ளியைக் கவனிக்கும் என்று நம்ப முடியாது. சொல்லையே மாற்றுவதுதான் பாதுகாப்பு: ‘நவம்பர் 17, திங்கட்கிழமையிலிருந்து தினமும் காலை 8.45க்குப் பள்ளி தொடங்கும்’, அல்லது ‘நவம்பர் 17, திங்கட்கிழமை ஒருநாள் மட்டும்’.

இந்த இரண்டில் எது சரி? மெய்ப்புப் பார்ப்பவருக்குத் தெரியாது. தெரிந்ததாக நினைத்துக்கொள்ளவும் கூடாது. எழுத்துப்பிழையை அவரே திருத்தலாம். பொருள் இரண்டாகப் பிரியும் இடத்தில் அவர் கேள்வி எழுத வேண்டும். ‘அநேகமாக இப்படித்தான் இருக்கும்’ என்று ஊகித்து வாக்கியத்தைத் தெளிவாக்கிவிட்டால், குழப்பமான செய்தி தெளிவான தவறாக மாறிவிடும். குழப்பமாக இருந்தாலாவது சில பெற்றோர் தொலைபேசியில் கேட்பார்கள். தெளிவாக இருந்தால் யாரும் கேட்கமாட்டார்கள்.

எனவே முதல் வாசிப்பு முழுவதும் கேள்விகளுக்கானது. இதைச் செய்ய எளிய வழி, குறிப்பிட்ட ஒரு பெற்றோராகத் தன்னை வைத்துக்கொண்டு படிப்பது. பொதுவாகப் ‘பெற்றோர்’ என்று நினைத்துப் படித்தால் எதுவும் தட்டுப்படாது. எட்டாம் வகுப்பு ‘அ’ பிரிவில் படிக்கும், வேனில் வரும் ஒரு பெண்ணின் தாய் என்று வைத்துக்கொண்டு படித்தால், ஒவ்வொரு வரியிலும் கால் இடறும்.

சனிக்கிழமையிலிருந்து தொடங்குவோம். ‘வரும் சனிக்கிழமை செவ்வாய்க்கிழமை கால அட்டவணை பின்பற்றப்படும்’ என்ற வரியில் இரண்டு கிழமைகள் நடுவே ஒட்டு எதுவும் இல்லாமல் உரசிக்கொண்டு நிற்கின்றன. ‘சனிக்கிழமையன்று’, ‘செவ்வாய்க்கிழமைக்குரிய’ என்று உருபைச் சேர்த்தால் இலக்கணம் சரியாகிவிடும். ஆனால் அந்தத் தாய்க்கு வேண்டிய முதல் செய்தி இன்னும் வரவில்லை: சனிக்கிழமை பள்ளி உண்டு என்பதை இந்த வரி நேராகச் சொல்லவே இல்லை, உய்த்துணர விட்டுவிடுகிறது. அடுத்தது, முழு நாளா அரை நாளா? மதிய உணவு கட்டிக் கொடுக்க வேண்டுமா? எந்தப் பாடங்களின் புத்தகங்கள்? ‘வரும்’ என்ற சொல்லும் எழுதிய நாளை நம்பி நிற்கிறது. மின்னஞ்சலை ஒருவர் வெள்ளியன்று திறக்கலாம். இன்னொருவர் அதைப் படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட, அது அடுத்த வாரமும் சுற்றிக்கொண்டிருக்கலாம். அப்போது ‘வரும் சனிக்கிழமை’ வேறொரு சனிக்கிழமையாகிவிடும். ‘நாளை’, ‘வரும்’, ‘அடுத்த வாரம்’ ஆகிய மூன்றையும் கண்ட இடத்திலெல்லாம் தேதியாகவும் கிழமையாகவும் மாற்றிவிட வேண்டும். இரண்டையும் எழுதுவதில் ஒரு கூடுதல் பலன் உண்டு. தேதியும் கிழமையும் ஒத்துப்போகின்றனவா என்று காலண்டரில் பார்த்தால், தட்டச்சில் விரல் தவறிய எண் அங்கேயே பிடிபட்டுவிடும்.

‘8 மற்றும் 9ஆம் வகுப்பு ஆ பிரிவு’ என்பதிலும் இதே வகைச் சிக்கல். ‘ஆ பிரிவு’ ஒன்பதாம் வகுப்புக்கு மட்டுமா, எட்டாம் வகுப்புக்கும் சேர்த்தா? நம் எடுத்துக்காட்டுத் தாயின் மகள் எட்டாம் வகுப்பு ‘அ’ பிரிவு. ஒருவகையில் படித்தால் அவளுக்குச் சிறப்பு வகுப்பு உண்டு. இன்னொரு வகையில் படித்தால் இல்லை. ‘மற்றும்’ என்ற சொல் இரண்டு பெயர்களை அடுத்தடுத்து வைக்கிறதே தவிர, பின்னால் வரும் அடைமொழி யாருக்குச் சொந்தம் என்று சொல்வதில்லை. தமிழில் இதற்கென்றே இருக்கிறது ‘உம்’. ‘எட்டாம் வகுப்பின் எல்லாப் பிரிவுகளுக்கும், ஒன்பதாம் வகுப்பின் ‘ஆ’ பிரிவுக்கும்’ என்று ஒவ்வொன்றின் முடிவிலும் உம்மையைப் போட்டுவிட்டால் ஐயத்துக்கு இடமில்லை. பிரிவின் பெயரை மேற்கோள் குறிக்குள் வைப்பதும் உதவும். சிறு திரையில் ‘அ’வும் ‘ஆ’வும் ஏறக்குறைய ஒன்றுபோலத் தெரியும்.

எழுதியிருப்பதில் உள்ள குழப்பத்தையாவது கண்ணால் பிடிக்கலாம். எழுதாமல் விட்டதைக் கண்டுபிடிப்பது அதைவிடக் கடினம். சிறப்பு வகுப்பு மாலை 4.10 முதல் 5 வரை என்று நேரம் துல்லியமாக இருப்பதால், செய்தி முழுமையாக இருப்பதுபோல் ஒரு தோற்றம். எந்தெந்த நாளில்? எப்போது தொடங்கி எப்போது முடிகிறது? ஒரு சொல்லும் இல்லை. எழுதிய ஆசிரியருக்கு அட்டவணை மனப்பாடம். அவர் தம் மின்னஞ்சலைத் திரும்பப் படிக்கும்போது, இல்லாத தேதிகளை மனமே நிரப்பிக்கொள்கிறது. அதனால்தான் எழுதியவரே மெய்ப்புப் பார்ப்பதைவிட, அட்டவணையைப் பார்த்திராத சக ஆசிரியரிடமோ அலுவலகப் பணியாளரிடமோ ஒருமுறை காட்டுவது பயன் தருகிறது. ‘இதைப் படித்துவிட்டு, எட்டாம் வகுப்புப் பிள்ளை புதன்கிழமை எத்தனை மணிக்கு வீட்டுக்கு வரும் என்று சொல்லுங்கள்’ என்று கேட்டால் போதும். பதில் சொல்லத் தயங்கினால், ஓட்டை எங்கே என்று தெரிந்துவிடும்.

இனி அந்த நீண்ட வாக்கியம். ‘நடைபெறும் என்பதால்’ தொடங்கி ‘கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்’ வரை மூச்சு வாங்குகிறது. தமிழ் வாக்கியத்தில் வினைமுற்று கடைசியில் வரும். நடுவில் ‘தெரிவித்து’ போன்ற எச்சங்களும் ‘என்பதால்’, ‘செய்யுமாறு’ போன்ற இணைப்புகளும் சேரச் சேர, படிப்பவர் எல்லாவற்றையும் மனத்தில் சுமந்துகொண்டே முடிவுக்குப் போக வேண்டியிருக்கிறது. அப்படிப் போன பிறகும் தகவலை யாருக்குத் தெரிவிப்பது என்று தெரியவில்லை. வேன் ஓட்டுநருக்கா, ஆசிரியருக்கா, அலுவலகத்துக்கா? ‘முன்கூட்டியே’ என்றால் எந்த நாளுக்குள்? மாற்று ஏற்பாடு என்பது பெற்றோர் வந்து அழைத்துப்போவதா?

‘கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்’ என்பது அரசாணை நடை. யார் கேட்கிறார் என்பதை அது மறைத்துவிடுகிறது. யாரை நோக்கிச் சொல்கிறது என்பதையும் தூரமாக்கிவிடுகிறது. ஆசிரியர் பெற்றோரிடம் நேரில் பேசினால் ‘சொல்லிவிடுங்கள்’ என்றுதானே கேட்பார்? மின்னஞ்சலிலும் ‘தெரிவித்துவிடுங்கள்’ என்று எழுதினால் மரியாதை சற்றும் குறையாது. செய்ய வேண்டியது எது என்பதும் பளிச்சென்று தெரியும். ‘பொறுப்பல்ல’ என்று முடியும் வரியைப் பற்றி மெய்ப்புப் பார்ப்பவர் ஒரு கருத்துச் சொல்லலாம். ‘தவறும் பட்சத்தில்’ என்றால் தகவல் தரத் தவறினாலா, பிள்ளை வேனைத் தவறவிட்டாலா என்பது தெளிவாக இல்லை. பிள்ளைகளின் போக்குவரத்தைப் பற்றிப் பேசும் இடத்தில் இந்த வரி பெற்றோரைக் கலவரப்படுத்தும். அவர்கள் செய்வதற்கு ஒன்றையும் சொல்லாது. நீக்கலாம் என்பதே இந்தக் கட்டுரையாளரின் எண்ணம். ஆனால் முடிவு ஆசிரியருடையது, தலைமையாசிரியருடையது. திருத்துபவர் தாமாக வெட்டக் கூடாது.

கேள்விகள் ஆசிரியரிடம் போகின்றன. பதில்கள் இப்படி வந்ததாகக் கொள்வோம். சனிக்கிழமை அரை நாள்; 9.15 முதல் 12.30 வரை, செவ்வாய்க்கிழமையின் முதல் நான்கு பாடவேளைகள். காலை 8.45 என்பது நவம்பர் 17 தொடங்கி 28 வரை எல்லா வேலைநாளுக்கும். சிறப்பு வகுப்பு திங்களிலும் புதனிலும், எட்டாம் வகுப்பு முழுவதற்கும் ஒன்பது ‘ஆ’ பிரிவுக்கும். பள்ளி வேன் வழக்கம்போல் 4.15க்கே கிளம்பிவிடும், காத்திருக்காது. இந்தக் கடைசிச் செய்திதான் பெற்றோருக்கு மிகமிக வேண்டியது. முதல் வரைவில் அது இல்லவே இல்லை.

அதற்குப் பிறகே இலக்கணம்.

‘மாற்றங்கள் செய்யப்பட்டுள்ளது’ என்பதில் எழுவாய் பன்மை, பயனிலை ஒருமை. ‘செய்யப்பட்டுள்ளன’ என்றிருக்க வேண்டும். படித்தவர்களும் இதில் தவறுவதற்குக் காரணம் பேச்சு வழக்கு. ‘ஒரு மாற்றம் இருக்கு’, ‘நாலு மாற்றம் இருக்கு’ என்று அஃறிணையில் ஒருமைக்கும் பன்மைக்கும் ஒரே வினையைத்தான் பேசுகிறோம். அதனால் காதுக்கு இந்தப் பிழை தெரிவதில்லை. வாய்விட்டுப் படித்தாலும் பிடிபடாது. ‘கள்’ என்று முடியும் ஒவ்வோர் எழுவாயையும் தேடி, அதன் வினைமுற்றை விரலால் தொட்டுப் பார்த்தால்தான் அகப்படும். எழுவாய்க்கும் வினைக்கும் நடுவே தூரம் கூடக்கூட இந்தப் பிழையும் கூடும்.

‘பெற்றோர்’ என்பதே பன்மை, ‘கள்’ மிகை. வழக்கில் ஊன்றிவிட்டது என்பதால் இதைக் கடும்பிழையாக எண்ண வேண்டியதில்லை. ஆனால் ஒரே மின்னஞ்சலில் ஓரிடத்தில் ‘பெற்றோர்’, இன்னோரிடத்தில் ‘பெற்றோர்கள்’ என்று மாறிமாறி வரக் கூடாது.

ஒற்று மிகும் இடங்களில் ‘8.45க்கு தொடங்கும்’ என்பது ‘8.45க்குத் தொடங்கும்’ ஆக வேண்டும். ‘கு’ என்ற நான்காம் வேற்றுமை உருபு வெளிப்படையாக வந்தால், அடுத்து வரும் வல்லினம் மிகும். அறிவிப்புகளில் அடிக்கடி விடுபடும் ஒற்று இதுதான்: மணிக்குப் பிறகு, வகுப்புக்குச் செல்லும், பெற்றோருக்குத் தெரிவிக்க. இந்த ஒரு விதியைக் கையில் வைத்திருந்தாலே கணிசமான பிழைகள் குறைந்துவிடும். எண்ணுப்பெயர்களில் எட்டுக்கும் பத்துக்கும் பின்னால் வல்லினம் மிகும், ஆகவே எட்டுப் பாடவேளை; ஏழு பாடவேளைக்கு ஒற்று வேண்டாம்.

‘பல்லி’ எப்படி வந்தது? ஆங்கில எழுத்துகளைத் தட்டித் தமிழைப் பெறும் விசைப்பலகைகள் பலவற்றில் ல, ள வேறுபாடு பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறுபாட்டில் அடங்கியிருக்கும். விரல் கொஞ்சம் தவறினால் `paLLi` என்பது `palli` ஆகிவிடும். ‘பாடவேளை’ ‘பாடவேலை’ ஆவதும் இப்படித்தான். பல்லியும் வேலையும் அகராதியில் உள்ள நல்ல சொற்கள் என்பதால், பிழைதிருத்தும் மென்பொருள் அவற்றின் கீழ்ச் சிவப்புக் கோடு போடாமல் விட்டுவிடக்கூடும். மணி, நாள், வேளை, பள்ளி ஆகிய சொற்கள் கால அட்டவணை மின்னஞ்சலில் வந்துகொண்டே இருப்பவை. இவற்றை மட்டும் தேடிப் பார்க்கத் தனியாக ஒரு வாசிப்பு ஒதுக்கலாம். எண்களுக்கும் அப்படியே. சொற்களை விட்டுவிட்டு, தேதிகளையும் மணிகளையும் மட்டும் ஒவ்வொன்றாகப் பள்ளியின் அட்டவணையோடு ஒப்பிட வேண்டும். வாக்கியத்தின் ஓட்டத்தோடு படிக்கும்போது 4.10 என்பதும் 4.40 என்பதும் ஒன்றுபோலவே கடந்துபோகும்.

திருத்திய வடிவம் இது.

பொருள்: நவ. 15 சனி அரை நாள் பள்ளி, நவ. 17–28 காலை 8.45க்குத் தொடக்கம்

அன்புள்ள பெற்றோருக்கு, வணக்கம். மழை விடுமுறையில் விடுபட்ட பாடங்களை முடிக்க, 8, 9ஆம் வகுப்புகளின் நேரம் மாறுகிறது.

நவம்பர் 15, சனிக்கிழமை பள்ளி உண்டு. காலை 9.15 முதல் பகல் 12.30 வரை, செவ்வாய்க்கிழமைக்குரிய முதல் நான்கு பாடவேளைகள் நடக்கும். மதிய உணவு தேவையில்லை.

நவம்பர் 17, திங்கட்கிழமையிலிருந்து நவம்பர் 28, வெள்ளிக்கிழமை முடிய, எல்லா வேலைநாளிலும் காலை 8.45க்குப் பள்ளி தொடங்கும்.

எட்டாம் வகுப்பின் எல்லாப் பிரிவுகளுக்கும், ஒன்பதாம் வகுப்பின் ‘ஆ’ பிரிவுக்கும் நவம்பர் 17, 19, 24, 26 ஆகிய நான்கு நாள்களில் மாலை 4.10 முதல் 5.00 மணி வரை சிறப்பு வகுப்பு உண்டு. அந்த நாள்களிலும் பள்ளி வேன் 4.15க்கே கிளம்பிவிடும். சிறப்பு வகுப்பில் இருக்கும் பிள்ளைகளை 5 மணிக்கு நேரில் வந்து அழைத்துச் செல்லுங்கள். வர இயலாதவர்கள் நவம்பர் 14, வெள்ளிக்கிழமை மாலை 4 மணிக்குள் இந்த மின்னஞ்சலுக்குப் பதில் எழுதித் தெரிவித்துவிடுங்கள்.

‘சில மாற்றங்கள் செய்யப்பட்டுள்ளன’ என்று இலக்கணப்படி திருத்தியிருக்கலாம். அந்த வாக்கியமே தேவைப்படாமல் போய்விட்டது. நான்கு தேதிகளையும் எழுதியதால், ‘வரை’ என்ற சொல் கடைசி நாளையும் சேர்த்ததா என்ற ஐயமும் எழவில்லை. பொருள் வரியில் ‘முக்கிய அறிவிப்பு’ போய்த் தேதி வந்திருக்கிறது. கைப்பேசி அறிவிப்பில் முதல் சில சொற்களே தெரியும் என்பதால், சனிக்கிழமைச் செய்தி அங்கேயே முன்னால் நிற்கிறது. மின்னஞ்சல் நீளம் கூடியிருக்கிறது என்பது உண்மை. அதற்காக வருந்த வேண்டியதில்லை. படிக்கும் நேரம் குறைந்திருக்கிறது.

அனுப்பும் முன் ஆசிரியர் அதைத் தமக்கே ஒருமுறை அனுப்பிக் கைப்பேசியில் திறந்து பார்ப்பது நல்லது. பள்ளி அலுவலகத்தின் பழைய கோப்பிலிருந்து அட்டவணையை நகலெடுத்து ஒட்டியிருந்தால், அது வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருவில் இருக்கக்கூடும். கணினியில் தமிழாகத் தெரிவது பெற்றோரின் கைப்பேசியில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாக மாறிவிடும். யூனிகோடில் மறுபடி தட்டச்சு செய்வதைத் தவிர வேறு நம்பகமான வழி எழுத்துரு மாற்றி ஒன்றுதான். மாற்றிய பிறகும் ஒருமுறை முழுக்கப் படித்தாக வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு தவறு போய்ச் சேர்ந்துவிட்டால், திருத்திய மின்னஞ்சலைச் சத்தமில்லாமல் மீண்டும் அனுப்பக் கூடாது. பெற்றோரின் கையில் இரண்டு மின்னஞ்சல்கள் இருக்கும். எது பிந்தியது, எங்கே மாறியது என்று தேட வேண்டிவரும். பொருள் வரியின் முதல் சொல்லே ‘திருத்தம்’ என்றிருக்க வேண்டும். உள்ளே முதல் வரியில் பழையதும் புதியதும் சேர்ந்து வர வேண்டும்: ‘நவம்பர் 12 அன்று அனுப்பிய மின்னஞ்சலில் சிறப்பு வகுப்பு முடியும் நேரம் 5.30 என்று தவறாக வந்துவிட்டது. சரியான நேரம் 5.00. மற்றவற்றில் மாற்றமில்லை.’ அந்தக் கடைசி வாக்கியத்தை விட்டுவிட்டால், மற்ற தேதிகளும் மாறிவிட்டனவா என்று கேட்டு மறுநாள் காலை அலுவலகத்துக்குத் தொலைபேசி அழைப்புகள் வரும்.